மினிமம் மட்டும் கட்டுகிறவர்கள் செய்யும் தவறுகள்

போன மாதம் எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் தன் கிரெடிட் கார்டு ஸ்டேட்மென்டை என் மேசையில் வைத்தார். "அண்ணா, ஒரு வருஷமா ஒரு மாசம்கூட விடாம கட்டுறேன். கடன் மட்டும் அப்படியே நிக்குது" என்றார். வாங்கியது 50,000 ரூபாய்க்கு ஒரு லேப்டாப். அதன் பிறகு கார்டை வேறு எதற்கும் தேய்க்கவில்லை. பில்லில் கேட்கும் குறைந்தபட்சத் தொகையான மினிமம் டியூவை மட்டும் மாதாமாதம் கட்டி, பன்னிரண்டு மாதத்தில் 28,000 ரூபாய்க்கு மேல் கொடுத்திருந்தார். பில்லில் நின்றதோ 44,000 சொச்சம்.

எனக்கு அந்தத் தாளைப் பார்த்ததும் வயிறு எரிந்தது. இதே தவறை நானும் கிட்டத்தட்ட இரண்டு வருடம் செய்திருக்கிறேன். கடைசித் தேதியை மறப்பது, ஓடிபி சொல்வது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை எல்லோருக்கும் தெரியும். யாரும் சொல்லாமல் வருடக்கணக்கில் பணத்தைத் தின்பதை மட்டும் எழுதுகிறேன்.

ஆட்டோபேயில் மினிமத்தைத் தேர்ந்தெடுப்பது

இதுதான் எனக்கு இன்றைக்கும் கோபம் வரவைக்கும் தவறு. ஆட்டோபே போடும்போது இரண்டு வழி காட்டுவார்கள்: மொத்த பாக்கியை எடுப்பதா, மினிமம் டியூவை மட்டும் எடுப்பதா. "கணக்கில் பணம் இல்லாத மாதம் வந்தால் என்ன செய்வது, மினிமமே இருக்கட்டும், மீதியை நாமே கட்டிக்கொள்ளலாம்" என்று நான் மினிமத்தைத் தேர்ந்தெடுத்தேன். மீதியை ஒரு மாதம்கூடக் கட்டவில்லை. பணம் தானாகப் போய்க்கொண்டிருந்ததால் ஸ்டேட்மென்டைத் திறக்கவே தோன்றவில்லை.

மினிமம் கட்டினால் தாமதக் கட்டணம் விழாது. வங்கியிலிருந்து போன் வராது. கடன் வரலாற்றில் 'தவணை தவறியவர்' என்று பதிவும் ஆகாது. எல்லாம் ஒழுங்காக நடப்பது போலவே இருக்கும். ஆனால் மினிமம் என்பது தாமதக் கட்டணத்தை மட்டும்தான் தடுக்கிறது. வட்டியைத் தடுப்பதில்லை.

தம்பியின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். அவருடைய கார்டுக்கு வட்டி மாதம் 3.5 சதவீதம், அதாவது வருடத்துக்கு 42. அந்த வட்டியின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. மினிமம் டியூ என்பது மொத்த பாக்கியில் 5 சதவீதம். நம் ஊர் கார்டுகள் பலவற்றில் இந்த அளவுதான்.

பாக்கி 50,000. மினிமம் 2,500 கட்டுகிறார். மீதி 47,500. அதற்கு ஒரு மாத வட்டி 1,662 ரூபாய், ஜிஎஸ்டி 299. அடுத்த பில் 49,461 ரூபாய்க்கு வருகிறது. கையிலிருந்து போனது 2,500. கடன் குறைந்தது 539. மீதியெல்லாம் வட்டிக்கும் வரிக்கும் போய்விட்டது. வாங்கிய நாளிலிருந்து போடும் முதல் மாத வட்டியை நான் இதில் சேர்க்கவில்லை. சேர்த்தால் இன்னும் மோசம்.

அப்புறம்தான் உண்மையான வலி. அடுத்த மாத மினிமம் 2,500 இல்லை, 2,473. அதற்கடுத்த மாதம் 2,446. பாக்கி குறையக் குறைய மினிமமும் குறைகிறது. நமக்கோ சுமை இறங்குவது போல இருக்கிறது. ஆனால் கட்டும் தொகை சிறுத்துக்கொண்டே போவதால்தான் கடன் முடிவதில்லை. இந்தக் கணக்கில் பாக்கி மாதத்துக்கு 1 சதவீதத்துக்குச் சற்று மேல்தான் இறங்கும். 50,000 பாதியாகவே ஐந்து வருடத்துக்கு மேல் ஆகும். ஐந்து வருட முடிவில் அவர் கட்டியிருப்பது சுமார் 1,10,900 ரூபாய். இன்னமும் 26,000 ரூபாய் கடன் இருக்கும். முழுதாக அடைய 20 வருடத்தைத் தாண்டிவிடும். அந்த லேப்டாப் அதுவரைக்கும் உழைக்குமா?

இதை அவருக்கு ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். பக்கத்திலேயே இன்னொரு கணக்கும் போட்டேன். முதல் மாதம் கட்டிய அதே 2,500 ரூபாயை, பில்லில் எவ்வளவு குறைத்துக் கேட்டாலும் சரி, குறைக்காமல் மாதாமாதம் கட்டியிருந்தால்? 39 மாதத்தில் கடன் முடிந்திருக்கும். கட்டும் மொத்தம் சுமார் 97,400. இதுவும் கொடுமையான தொகைதான், ஆனால் மூன்றேகால் வருடத்தில் ஒரு முடிவு தெரிகிறது. அதையே 5,000 ஆக்கினால் 13 மாதம், மொத்தம் சுமார் 62,400. தம்பி அந்த இரண்டு கணக்குகளையும் திரும்பத் திரும்பப் பார்த்தார். "2,500 கட்ட முடியாம இல்லண்ணா. அவங்க கேட்டத கட்டினேன், அவ்ளோதான்" என்றார். நானும் அப்படித்தான் கட்டினேன்.

ரிசர்வ் வங்கியின் கார்டு விதிகளின்படி, மினிமம் கட்டியும் கடன் ஏறுகிற மாதிரி அந்தத் தொகையை வைக்கக் கூடாது. அதனால் கடன் ஏறாது. இறங்குவது மட்டும் ஊர்ந்துதான் இறங்கும். மினிமம் மட்டும் கட்டிவந்தால் அடைக்க மாதங்கள், வருடங்கள் ஆகும் என்ற எச்சரிக்கையை ஸ்டேட்மென்டிலேயே அச்சிட வேண்டும் என்றும் விதி இருக்கிறது. உங்கள் பில்லைத் திறந்து தேடிப் பாருங்கள், சின்ன எழுத்தில் இருக்கும். இரண்டு வருடமும் அது என் பில்லில் இருந்தது.

ஆட்டோபே வேண்டுமென்றால் மொத்த பாக்கி என்று மாற்றிவிடுங்கள். கணக்கில் பணம் போதாத மாதம் வந்தால், முடிந்த அளவு பெரிய தொகையைக் கடைசித் தேதிக்கு முன்பே நீங்களாகக் கட்டுங்கள்.

பாக்கி வைத்துக்கொண்டே கார்டைத் தேய்ப்பது

கார்டில் வாங்கினால் 45 நாள், 50 நாள் வட்டி இல்லை என்பது முந்தைய பில்லை முழுதாகக் கட்டியவருக்குத்தான். பாக்கி நின்றால் அந்தச் சலுகை போய்விடும். இன்று 800 ரூபாய்க்கு மளிகை வாங்கினால் இன்றிலிருந்தே வட்டி. பெட்ரோலுக்கும் அப்படித்தான். நான் மினிமம் கட்டிய காலத்தில் வீட்டுச் செலவு முழுவதையும் ரிவார்டு பாயிண்டுக்காகக் கார்டிலேயே செய்தேன். நூறு ரூபாய்ச் செலவுக்கு ஒரு ரூபாய்கூட தேறாத பாயிண்டுக்காக மாதம் 4 ரூபாய் வட்டியும் வரியும் கொடுத்திருக்கிறேன். பாக்கி தீரும்வரை யுபிஐயிலோ ரொக்கத்திலோ செலவு செய்யுங்கள்.

கார்டில் ரொக்கம் எடுப்பது

எடுத்த நாளிலிருந்தே வட்டி, மேலே தனிக் கட்டணம். வேண்டாம்.

42 சதவீதக் கடனைக் கார்டிலேயே வைத்திருப்பது

மாதம் 5,000 ஒதுக்க முடியாதவர்கள் கடனைக் கார்டிலிருந்து வெளியே எடுக்கப் பார்க்க வேண்டும். வீட்டில் நகை இருந்தால் வங்கி நகைக்கடனின் வட்டி பொதுவாகக் கார்டு வட்டியில் மூன்றில் ஒரு பங்குகூட இராது. "நகையை அடகு வைப்பதா" என்று தயங்குகிறார்கள். அதைவிடப் பல மடங்கு விலைக்கு வாங்கிய கடன் ஏற்கெனவே சட்டைப் பையில் இருக்கிறது. நகை இல்லையென்றால் கார்டு வங்கியிடமே பாக்கியைத் தவணையாக மாற்றச் சொல்லலாம். ப்ராசஸிங் கட்டணம் எவ்வளவு, முன்கூட்டியே முடித்தால் என்ன கேட்பார்கள் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். தவணைத் தொகை முழுவதும் மினிமம் டியூவில் சேர்ந்துகொள்ளும், அதனால் அதைத் தள்ளிப்போட வழியில்லை. இந்த இடத்தில் அது நல்லதுதான்.

கடைசி பில்லைப் பார்க்காமல் விடுவது

முழு பாக்கியையும் கட்டிய பிறகும் அடுத்த பில்லில் சில நூறு ரூபாய் வட்டி வரும். பில் போட்ட தேதிக்கும் நீங்கள் கட்டிய தேதிக்கும் நடுவில் உள்ள நாட்களுக்கான வட்டி அது. முடிந்துவிட்டது என்று பார்க்காமல் விட்டால் அதன் மேல் தாமதக் கட்டணம் ஏறும். தம்பி போன வாரம் அக்காவிடம் வாங்கி மொத்தத்தையும் கட்டிவிட்டார். அடுத்த பில் 18ஆம் தேதி வரும். வந்ததும் கொண்டுவந்து காட்டச் சொல்லியிருக்கிறேன்.