உயிரெழுத்து ஜோடி அட்டை: வீட்டிலேயே செய்யும் முறை

நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு உயிரெழுத்து சொல்லிக்கொடுக்க, ஒரு அட்டையில் எழுத்தும் இன்னொரு அட்டையில் படமுமாக ஜோடி சேர்க்கும் அட்டைகளைச் செய்யலாம். ராயபுரத்தில் எங்கள் வீட்டுத் தரையில் தினமும் நடக்கிற விளையாட்டு இது. வெட்டி ஒட்டுவது அரை நாள் வேலைதான். படம் தேர்ந்தெடுப்பதில்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது, அதனால் அதைப் பற்றி அதிகம் எழுதுகிறேன்.

அட்டை

300 ஜிஎஸ்எம் வெள்ளை போர்டு வாங்குங்கள். பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் கல்யாணப் பத்திரிகைக் கடைகளை ஒட்டியே காகிதக் கடைகளும் இருக்கின்றன. ஏ4 அளவில் வெட்டியே கிடைக்கும். சாதாரண சார்ட் பேப்பர் வேண்டாம். மார்க்கர் மை பின்பக்கம் ஊறித் தெரியும், கவிழ்த்து வைத்த அட்டையில் என்ன எழுத்து என்று பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஒரு ஏ4 தாளில் 7 செ.மீ. சதுரமாக 12 அட்டைகள் வரும். எழுத்துக்கு ஒரு தாள், படத்துக்கு ஒரு தாள், மொத்தம் 24 அட்டை. எழுத்து 4 செ.மீ. உயரம் இருக்கட்டும். அதன் அடியில் ஒரு கோடு போடுங்கள், அப்போதுதான் எது கீழ்ப்பக்கம் என்று பிள்ளைக்குத் தெரியும்.

எல்லா எழுத்தையும் ஒரே நிறத்தில் எழுதுங்கள். கடையில் விற்கிற செட்டுகளில் அ சிவப்பு, அணிலுக்கும் சிவப்பு பார்டர் என்று அழகாகப் போட்டிருப்பார்கள். பிள்ளை நிறத்தைப் பார்த்தே ஜோடி சேர்த்துவிடும், எழுத்தைப் பார்க்காது. எ, ஏ வித்தியாசம் அந்தச் சின்னக் கீழ்க்கோட்டில்தான் இருக்கிறது. ஒ, ஓ வித்தியாசம் கீழே உள்ள சுழியில். அந்த இடத்தைக் கொஞ்சம் பெரிதாக எழுதினால் போதும், தனி நிறம் வேண்டாம்.

படம்: இங்கேதான் கவனம்

விளையாட்டு இப்படி: பிள்ளை படத்தின் பெயரைச் சொல்ல வேண்டும், முதல் ஓசையைக் கேட்க வேண்டும், அந்த எழுத்தைத் தேட வேண்டும். ஆக, பிள்ளை வாயில் எந்தப் பெயர் வருகிறதோ அதுதான் கணக்கு, புத்தகத்தில் என்ன பெயர் இருக்கிறது என்பது கணக்கில்லை.

எங்களிடம் இருந்த ஒரு செட்டில் இ-க்கு இறால் படம். காசிமேட்டுப் பக்கம் வளர்கிற பிள்ளை அதைப் பார்த்ததும் "எறா" என்றுதான் சொல்லும். சொல்லிவிட்டு எ அட்டையை எடுக்கும். அது கேட்டதைச் சரியாகத்தான் செய்கிறது, படம்தான் தப்பு. சரி, இலை போடலாமா? அதுவும் பேச்சில் "எல". இளநீர் "எளநி". உ-வுக்கு உதடு போட்டால் "ஒதடு", உரல் போட்டால் "ஒரலு".

இதற்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது. இ அல்லது உ-வில் தொடங்கும் சொல்லில், அடுத்து ஒற்றை மெய் வந்து அதன்மேல் அ, ஆ அல்லது ஐ ஏறியிருந்தால் (இலை, இறகு, உலகம், உடை), பேச்சில் இ எ-வாகவும் உ ஒ-வாகவும் மாறிவிடும். அடுத்து இரட்டித்த மெய்யோ, இரண்டு மெய் சேர்ந்தோ வந்தால் மாறாது: இட்லி, இஞ்சி, உப்பு, உண்டியல். அடுத்த எழுத்தில் இ, உ இருந்தாலும் மாறாது: உருளைக்கிழங்கு, உளுந்து. எங்கள் பக்கத்தில் "உருளக்கெயங்கு" என்பார்கள். கடைசி எப்படிப் போனாலும் பரவாயில்லை, முதல் ஓசை உ-வாக நிற்கிறதல்லவா, அது போதும். உப்பு ஓசைக்குச் சரி, ஆனால் வரைந்தால் சர்க்கரை மாதிரி இருக்கும். அதனால் நான் உருளைக்கிழங்குதான் போடுவேன்.

ஐ-க்கு வழக்கமாக 5 என்ற எண்ணைப் போடுவார்கள். பிள்ளை "அஞ்சு" என்று சொல்லி அ-வை எடுக்கும். ஐஸ் படம் போடுங்கள், குச்சி ஐஸாக வரைந்தால் சந்தேகமே வராது. ஓடம் வேண்டாம், இங்கே அது "போட்டு". ஓணான் நல்லது, ஆனால் மரக்கிளையில் உட்கார்ந்திருக்கிற மாதிரி வரையுங்கள், சுவரில் வரைந்தால் பல்லி என்பார்கள்.

ஔ-வுக்கு ஔவையார் படம் எல்லாப் புத்தகத்திலும் உண்டு. வட சென்னைப் பிள்ளைக்கு நரைத்த முடியும் கைத்தடியுமாக இருப்பவர் "ஆயா", உடனே ஆ அட்டை வந்துவிடும். இந்த ஒரு எழுத்துக்குப் படம் வேண்டாம், இரண்டு அட்டையிலும் ஔ என்றே எழுதி ஒன்றுக்கொன்று ஜோடியாக்குங்கள். எழுதும்போது ஒ-வையும் பக்கத்தில் வரும் ள வடிவத்தையும் ஒட்டி எழுதுங்கள். இடைவெளி விட்டால் இரண்டு எழுத்தாகப் படிப்பார்கள்.

என் பட்டியல்: அணில், ஆடு, இட்லி, ஈ, உருளைக்கிழங்கு, ஊசி, எலி, ஏணி, ஐஸ், ஒட்டகம், ஓணான். இதை அப்படியே எடுக்காதீர்கள். பென்சிலில் வரைந்து, எதுவும் சொல்லாமல் காட்டி "இது இன்னா?" என்று உங்கள் பிள்ளையைக் கேளுங்கள். ஈ-யைப் பார்த்து "பூச்சி" என்றால் இன்னும் பெரிதாக, சோற்றுத் தட்டின்மேல் வரைந்து பாருங்கள். சரியான பெயர் தானாக வந்த பிறகுதான் மார்க்கர்.

லேமினேஷன்

முதலில் அட்டைகளை வெட்டுங்கள், அப்புறம் லேமினேஷன். முழுத் தாளை லேமினேட் செய்து வெட்டினால் ஓரம் திறந்துவிடும், கடல் காற்று ஈரத்தில் கொஞ்ச நாளிலேயே பிரியும். ஒரு ஏ4 உறைக்குள் ஆறு அட்டையை இடைவெளி விட்டு அடுக்கி ஓட்டச் சொல்லுங்கள், பிறகு ஒவ்வொன்றைச் சுற்றியும் 3 மி.மீ. பிளாஸ்டிக் விட்டு வெட்டுங்கள். நான்கு உறை போதும். முனைகளை நகவெட்டியால் உருட்டிவிடுங்கள், இல்லையென்றால் கையில் குத்தும். அகல செலோடேப் ஒட்டுவது எனக்குப் பிடிக்காது, மஞ்சளாகிப் பிசுபிசுக்கும்.

விளையாட்டு

நான்கு ஜோடியில் தொடங்குங்கள், முதலில் நிமிர்த்தியே வையுங்கள். அ, ஈ, ஊ, ஐ மாதிரி உருவமும் ஓசையும் விலகி நிற்பவை நல்ல தொடக்கம். எ-ஏ, ஒ-ஓ இரண்டையும் ஒரே நாளில் சேர்க்காதீர்கள். நிமிர்த்தி வைத்து தடுமாறாமல் சேர்க்க ஆரம்பித்த பிறகு கவிழ்த்து ஆடலாம். எழுத்து அட்டைகள் ஒரு பக்கம், பட அட்டைகள் ஒரு பக்கம் என்று தனித்தனியாக அடுக்குங்கள், ஒவ்வொரு வரிசையிலிருந்தும் ஒன்று திறக்க வேண்டும். ஜோடி சேர்ந்ததும் பெயரை இழுத்துச் சொல்ல வைப்பது கட்டாயம்: "ஏ...ணி". எலி-ஏணி குழப்பம் இதில்தான் தீரும், நெடில் இழுக்கவரும், குறில் வராது.

பின்சேர்க்கை: மெய்யெழுத்துக்கும் இதே முறை சரிவருமா என்று ஒருவர் கேட்டார். முதல் ஓசை முறை சரிவராது. ண், ன், ள், ழ், ற் எல்லாம் தமிழ்ச் சொல்லின் முதலில் வருவதில்லை. கடைசி ஓசையை வைக்கலாம் என்றால் பேச்சில் கண் "கண்ணு", மீன் "மீனு" ஆகிவிடும், ண்-ன் வித்தியாசமும் காதில் விழாது. அதற்குப் படத்தின் கீழே சொல்லையே எழுதி, கடைசி எழுத்தின் இடத்தில் மட்டும் கட்டம் விடுங்கள்: க▢, மீ▢, ப▢. கட்டத்தை மூடுகிற அளவுக்குச் சின்ன அட்டையில் ண், ன், ல் எழுதிக் கொடுத்தால், பிள்ளை அதை வைத்து மூடும். சரியா என்று பார்க்க முழுச் சொல்லை அட்டையின் பின்பக்கம் எழுதி வைத்துவிடுங்கள்.