பழைய கடன் என்று மிரட்டும் அழைப்பு: போனில் செய்யக்கூடாத தவறுகள்

"எட்டு வருஷத்துக்கு முன்னாடி வாங்கின பர்சனல் லோன்ல 42,000 பாக்கி. சாயங்காலத்துக்குள்ள கட்டலைன்னா ஆபீஸுக்கே போலீஸ் வரும்." இப்படி ஒருவர் மிரட்டும்போது, அது என் கடன் இல்லை என்று அவரிடமே நிரூபிக்கப் பார்ப்பதுதான் முதல் தவறு.

அவர் உங்கள் பெயரையும் பழைய முகவரியையும் சரியாகச் சொல்லலாம். கசிந்த தகவல்களை விலைக்கு வாங்கினாலே அவை கிடைத்துவிடும். கடனுக்கு அது ஆதாரம் ஆகாது. சில சமயம் பிறந்த தேதியை வேண்டுமென்றே தப்பாகச் சொல்வார். நீங்கள் பதறித் திருத்தினால், அவரிடம் இல்லாததை நீங்களே கொடுத்துவிட்டீர்கள். எதையும் திருத்தவோ ஒப்புக்கொள்ளவோ வேண்டாம். கடன் கொடுத்தது யார், எந்தக் கணக்கு, அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று எழுத்தில் அனுப்பச் சொல்லிவிட்டு போனை வையுங்கள். உண்மையான வசூல் நிறுவனத்துக்கு அதில் சிரமம் இருக்காது. மோசடிக்காரர்தான் "அதுக்கெல்லாம் நேரமில்லை" என்று கத்துவார்.

கைது என்ற சொல்லுக்குப் பயந்துவிட வேண்டாம். சாதாரணக் கடனைக் கட்டாதது பெரும்பாலான நாடுகளில் சிவில் விவகாரம். கடன் கொடுத்தவர் வழக்குப் போடலாம், அவ்வளவுதான். செக் திரும்பியது போன்ற விஷயங்களுக்குச் சில இடங்களில் தனிச் சட்டம் உண்டு. ஆனால் அங்கேயும் பணம் அனுப்பினால் வாரண்டை நிறுத்துகிறேன் என்று போனில் பேரம் பேசுவது மோசடி.

எனக்கு மிகவும் கவலை தருவது அடுத்த தவறு. "இப்போதைக்கு 2,000 போடுங்க, கேஸை நிறுத்தி வைக்கிறேன்" என்பார். தொல்லை விட்டால் போதும் என்று பலர் அனுப்பிவிடுகிறார்கள். மிரட்டினால் கட்டுபவர் என்று தெரிந்ததும் அழைப்புகள் கூடும். கடன் நிஜமாகவே இருந்தாலும் சிக்கல்தான்: பழைய கடனுக்கு வழக்குப் போட ஒரு காலவரம்பு உண்டு, பல இடங்களில் சிறு தொகை கட்டினாலோ எழுத்தில் ஒப்புக்கொண்டாலோ அந்தக் காலம் மறுபடி முதலிலிருந்து ஓட ஆரம்பிக்கும்.

சரி, கடன் உண்டா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அவர் தந்த எண்ணையோ லிங்க்கையோ தொடாதீர்கள். பழைய ஸ்டேட்மென்ட்டில் உள்ள எண்ணில் கடன் கொடுத்த நிறுவனத்தையே கூப்பிட்டு, பாக்கி உண்டா, யாருக்காவது விற்றார்களா என்று கேளுங்கள். கிரெடிட் ரிப்போர்ட்டையும் பாருங்கள். ஆனால் மிகப் பழைய கடன் அதிலிருந்து நீங்கியிருக்கலாம் என்பதால் அதை மட்டும் நம்ப வேண்டாம்.

சொந்தக்காரர்களுக்குச் சொல்லிவிடுவேன் என்று மிரட்டினால், நீங்களே முந்திக்கொண்டு வீட்டில் சொல்லிவிடுங்கள். மெசேஜ்களை அழிக்காமல் வைத்துப் புகார் கொடுங்கள். பணம் ஏற்கெனவே போயிருந்தால் உடனே உங்கள் வங்கியைக் கூப்பிடுங்கள். ஒன்று மட்டும்: நீதிமன்றத்திலிருந்து கடிதம் வந்தால், போலியாகத்தான் இருக்கும் என்று தூக்கிப் போடாதீர்கள். வழக்கு எண்ணை அந்த நீதிமன்றத்திலேயே சரிபாருங்கள். நிஜமான சம்மனுக்குப் போகாவிட்டால் நீங்கள் வாங்காத கடனுக்கும் உங்களுக்கு எதிராகத் தீர்ப்பு வந்துவிடலாம்.