முதலில் ஐசி, அப்புறம் கடப்பிதழ், கடைசியில்தான் விசா

சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து லயத்தில் இருந்த என் சின்னம்மா, தாமான் வீட்டுக்குக் குடிமாறி இரண்டு வருடம் ஆகிறது. திருச்சிக்குப் போக வேண்டும் என்று கடப்பிதழைத் தேடியபோது, அது ஓட்டு ஒழுகலில் நனைந்து காய்ந்த பெட்டிக்குள் கிடந்தது. காலாவதியாக இன்னும் ஒரு வருடம் இருந்தது. ஆனால் படம் இருக்கும் பக்கத்தின் ஓரம் உப்பி, உள்தாள்களில் முத்திரை மை பரவியிருந்தது. "உள்ளே எழுத்து தெரியுதே, போதாதா?" என்றார்.

போதாது. எழுத்து தெரிவது மட்டும் கணக்கு இல்லை. படப்பக்கம் பிரிந்திருந்தாலோ, தையல் விட்டிருந்தாலோ, தாள் கிழிந்திருந்தாலோ, விமான நிலையத் தானியங்கி வாயில் சிப்பைப் படிக்க மறுத்தாலோ அது சேதமான கடப்பிதழ்தான். இஸ்திரி போடுவதும் டேப் ஒட்டுவதும் நிலைமையை இன்னும் கெடுக்கும். யாரோ திருத்தப் பார்த்தது போலத் தெரியும், கேள்விகளும் கூடும்.

நல்ல நிலையில் உள்ள கடப்பிதழை இணையத்திலேயே புதுப்பிக்கலாம். சேதமானதற்கு அந்த வழி கிடையாது, குடிநுழைவுத் துறை முகப்புக்கு நேரில்தான் போக வேண்டும். எப்படிச் சேதமானது என்று அதிகாரி கேட்பார். நடந்ததை நடந்தபடி சொன்னால் போதும். அன்றே கையில் கிடைக்கும் என்று நினைத்துப் பயண நாளை ஒட்டிப் போகாதீர்கள், விசாரணை இழுக்கலாம்.

சின்னம்மாவைத் தாமதப்படுத்தியதோ கடப்பிதழ் இல்லை, ஐசி. முகப்பில் மைகாட்டின் சிப்பைப் படித்து, கட்டைவிரல் ரேகையை ஒப்பிடுவார்கள். அவர் ஐசியின் சிப் தேய்ந்து போயிருந்தது. முப்பது வருடம் பால் மரம் வெட்டிய கையில் ரேகையும் சரியாக விழவில்லை. பதிவிலாகாவில் ஐசியை மாற்றிக்கொண்டு வரச் சொல்லிவிட்டார்கள். ஒரு நாள் கூலியும் ஈப்போ வரை போய்வந்த பெட்ரோலும் வீண்.

முகவரி விஷயத்தில் பலர் குழம்புகிறார்கள். மலேசியக் கடப்பிதழில் வீட்டு முகவரி அச்சாவதில்லை, அதனால் வீடு மாறியதற்காக மட்டும் அதைப் புதுப்பிக்க வேண்டாம். முகவரி இருப்பது ஐசியில். வீடு மாறினால் 30 நாளுக்குள் பதிவிலாகாவில் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். இடித்துத் தள்ளிய லயத்து முகவரியை இன்னும் ஐசியில் வைத்திருப்பவர்கள் நம் ஊரில் ஏராளம். எப்படியும் பதிவிலாகாவுக்குப் போகிறோம் என்றால் சிப், முகவரி இரண்டையும் ஒரே நடையில் சரிசெய்துவிடுங்கள். ரேகை சரியாக விழாதவர்கள் அதை அங்கேயும், பிறகு குடிநுழைவு முகப்பிலும் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

புது ஐசி வந்த பிறகு சின்னம்மாவுக்கு வேலை சுலபமாகவே முடிந்தது. முகப்பில் படம் எடுப்பார்கள், தோளை மூடிய அடர்நிறச் சட்டையோடு போங்கள். வழக்கமான கட்டணம் 200 வெள்ளி, 60 வயதைத் தாண்டியவர்களுக்கு 100. அவருக்கு 63 என்பதால் பாதிதான் ஆனது.

பக்கங்கள் நிறைந்தவர்கள் வேறு ரகம். டானோக், ஹாட்யாய் என்று அடிக்கடி எல்லை தாண்டுகிறவர்களுக்குக் காலம் முடியும் முன்பே தாள் முடிந்துவிடும். இந்தியா போய் இறங்கும் நாளில் கடப்பிதழ் இன்னும் 6 மாதம் செல்லுபடியாக வேண்டும், முத்திரை குத்த 2 வெற்றுப் பக்கமாவது இருக்க வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் இப்போதே புதுப்பியுங்கள்.

விசாவை ஏன் கடைசியில் எடுக்கச் சொல்கிறேன் என்றால், புதுக் கடப்பிதழின் எண் வேறு. இ-விசா அந்த எண்ணோடு கட்டப்பட்டது, கட்டிய பணமும் திரும்பாது. 30 நாள் சுற்றுலா விசாவுக்கு indianvisaonline.gov.in தளத்தில், போய் இறங்கும் நாளுக்கு 30 நாள் முன்பிருந்து 4 நாள் முன்பு வரை விண்ணப்பிக்கலாம். படப்பக்கத்தைத் தெளிவாக ஸ்கேன் செய்து ஏற்றவேண்டும், நனைந்து மங்கிய பக்கம் இங்கேயே காலை வாரிவிடும். டிக்கெட்டை முன்பே வாங்கியிருந்தால் விமான நிறுவனத்திடம் புது எண்ணைக் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம்.

பழைய எண்ணில் ஒரு வருட அல்லது ஐந்து வருட இ-விசா ஏற்கெனவே கையில் இருந்தால், அது வீணாகாது. பழையதையும் புதியதையும் சேர்த்து எடுத்துச் செல்ல வேண்டும். அதனால் புதுப்பிக்கும்போது பழைய நூலைத் திருப்பித் தருவார்களா என்று முகப்பிலேயே கேளுங்கள். போகும் முன் அதன் படப்பக்கத்தை நகல் எடுத்து வையுங்கள். சேதமானதைத் தரமாட்டோம் என்றால் புது விசாதான், அந்தப் பணத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சின்னம்மா இப்போது கடப்பிதழை ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போட்டு, அரிசி டின்னுக்கு மேல் தட்டில் வைத்திருக்கிறார்.