வெஸ்ட்டும் வெஸ்ட்டும்: ஆங்கில ஒலிகளில் நாம் விடும் பிழைகள்

கிளிநொச்சியில் மாலை வகுப்பு வைத்து ஆங்கிலம் படிப்பிக்கிறேன். என்னிடம் படித்த பெடியன் ஒருவன் மாங்குளம் பக்கம் கண்ணிவெடி அகற்றும் வேலைக்குப் போனான். ஒரு நாள் வெளிநாட்டு மேற்பார்வையாளர் வோக்கியில் முதலில் ‘வெஸ்ட்’டைப் பார்க்கச் சொன்னார். அவர் சொன்னது மார்பில் அணியும் பாதுகாப்புக் கவசத்தை. இவனுக்குக் கேட்டது மேற்கு. வேகாத வெயிலில் மேற்கு எல்லை வரை நடந்து போய், அங்கே எதைப் பார்ப்பது என்று தெரியாமல் நின்றிருக்கிறான்.

அவனைக் குறை சொல்ல முடியாது. கவசத்துக்கான சொல்லையும் மேற்குக்கான சொல்லையும் தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான். ஆங்கிலத்தில் முதலாவது வீ எழுத்தில் தொடங்கும், இரண்டாவது டபிள்யூவில். நம்மிடம் இருப்பது ஒரே ஒரு வ. அதைச் சொல்லும்போது கீழுதடு மேற்பற்களை நெருங்கும், ஆனால் உரசாது. உதடுகள் குவிவதும் இல்லை. ஆங்கில வீக்கு உரசல் வேண்டும், டபிள்யூவுக்குக் குவிதல் வேண்டும். நம் வ இரண்டுக்கும் நடுவே நிற்பதால் ஆங்கிலேயர் காதில் ஒரு நேரம் இதுவாகவும் ஒரு நேரம் அதுவாகவும் விழும். சிங்களத்திலும் இதற்கு ஒரே ஒலிதான் என்பதால் பக்கத்தில் இருப்பவரும் நம்மைத் திருத்தமாட்டார். வன்னி என்ற பெயரையே சிலர் வீ போட்டும் சிலர் டபிள்யூ போட்டும் எழுதுகிறார்களே!

வீயை இப்படிப் பழகலாம். கீழுதட்டின் உள்விளிம்பை மேற்பற்களில் மெதுவாக ஒட்டி, குரலோடு காற்றை விடுங்கள். வண்டு மாதிரி இரைய வேண்டும். உதடு கூசும். அந்த இரைச்சலை மூன்று விநாடி நீட்ட முடிந்தால் சரி. கூச்சமே இல்லையென்றால் வந்தது நம் வ தான். சிலர் உதட்டை அழுத்திக் கடிப்பார்கள். அப்போது காற்று அடைபட்டு ஒலியே வராது.

டபிள்யூவுக்குப் பற்களை மறந்துவிடுங்கள். ‘ஊ’ என்று உதட்டைக் குவித்து, அங்கிருந்து ‘எஸ்ட்’ என்பதற்குத் தாவுங்கள். ஊ-எஸ்ட், ஊ-எஸ்ட் என்று வேகமாகச் சொன்னால் மேற்கு வந்துவிடும். கண்ணாடி முன் சொல்லும்போது பல் உதட்டைத் தொடுவது தெரிந்தால் பிழை.

இதில் என் பிழையும் ஒன்று உண்டு. பல காலம் நான் வீயை மட்டும் பழக்கினேன். பிள்ளைகளும் உற்சாகத்தில் ‘வாட்டர்’, ‘விண்டோ’ எல்லாவற்றுக்கும் உதட்டில் பல்லை வைத்தார்கள். பழைய குழப்பம் போய்ப் புதியது வந்தது. இப்போது இரண்டையும் சோடியாகத்தான் கொடுக்கிறேன். ஒருவர் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு கவசத்தையோ மேற்கையோ சொல்வார், மற்றவர் முகம் பார்க்காமல் மேற்கென்றால் கையை உயர்த்துவார். பத்துத் தடவையில் ஐந்துதான் சரி வந்தால் அது வெறும் ஊகம். எட்டுக்கு மேல் வரும்வரை விடுவதில்லை.

எஃப் ஒலிக்கு வாய் வீக்கு வைத்த அதே இடத்தில்தான், குரல் மட்டும் இல்லை. இதைப் ப ஆக்கினால் மின்விசிறி கேட்டவர் பாண் வாங்க வந்தவராகிவிடுவார். வாய்க்கு முன்னால் மெல்லிய கடதாசித் துண்டைப் பிடியுங்கள். எஃப்பை நீட்டும் வரை அது ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு உதட்டையும் சேர்த்து விளக்கை ஊதுவது போல ஊதினாலும் கடதாசி ஆடும் என்பதால் பல் தொடுகிறதா என்றும் பாருங்கள்.

இசட்டைப் பலர் ஸ ஆகவோ ஜ ஆகவோ சொல்வார்கள். தொண்டையில் விரல் வைத்து ‘ஸ்ஸ்ஸ்’ என்று தொடங்கி, நாக்கை அசைக்காமல் குரலைச் சேர்த்தால் விரலில் அதிர்வு தெரியும், அதுதான் இசட். ஜ வந்தால் நாக்கு மேலே முட்டியிருக்கிறது. சொல் முடிவில் வரும் இசட்டைக் காதால் பிடிப்பது கடினம், ஏனென்றால் ஆங்கிலேயரே அங்கே அதிர்வைக் குறைத்துவிடுவார்கள். அதற்கு முந்திய உயிரைக் கவனியுங்கள். பனிக்கட்டிக்கான ‘ஐஸ்’ வெடுக்கென்று முடியும். கண்களுக்கான சொல்லில் ‘ஐ’ நீளும்.

தொலைபேசியிலும் வோக்கியிலும் மட்டும் இந்தப் பயிற்சி முழுதாகக் கைகொடுக்காது. அவை உயர்ந்த சுருதி ஒலிகளை வெட்டிவிடுவதால் எஃப், எஸ், இசட் எல்லாம் மங்கும். வீயின் இரைச்சலோ இயல்பிலேயே மெலிது. அங்கே வேறு சொல்லால் திருப்பிக் கேட்பதுதான் வழி. நம் பெடியன் இப்போது வோக்கியில் வெஸ்ட் என்ற சொல்லையே எடுப்பதில்லை. ‘ஜாக்கெட்டா சேர்?’ என்று கேட்டுவிட்டுத்தான் இடத்தை விட்டு நகர்கிறானாம்.