குளிரான அறையில் மறைந்திருக்கும் சூடு: கிராபிக்ஸ் மெமரியைச் சோதித்தல்

ஹற்றனில் 18 பாகை குளிரில் இயங்கும் கணினியில் கிராபிக்ஸ் கார்ட்டின் குறை எளிதில் வெளிப்படாது. அதே கார்ட் 30 பாகை வெப்பமுள்ள கொழும்பு அறைக்குப் போனால் எல்லா அளவீடுகளும் ஏறத்தாழ 12 பாகை உயரும். ஆகவே அறையின் வெப்பநிலையையும் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலில் HWiNFO64 மென்பொருளைத் திறந்து, பாரமான விளையாட்டொன்றை இருபது நிமிடங்கள் ஓடவிட்டு, மூன்று வரிகளைப் பாருங்கள். `GPU Temperature` சிப்பின் பொதுவான வெப்பம். `GPU Hot Spot Temperature` அதன் மிகச் சூடான புள்ளி. `GPU Memory Junction Temperature` மெமரி சிப்களின் உள்வெப்பம். சில கார்ட்களில் இவற்றுள் ஏதேனும் காட்டப்படாமலும் இருக்கலாம்.

பழைய RTX 3080 ஒன்றில் இவை முறையே 62, 76, 102 எனக் காட்டுவதாகக் கொள்வோம். முதல் இரண்டுக்கும் வித்தியாசம் 14 பாகைதான். 10 முதல் 15 வரை வழமையானது, 25ஐத் தாண்டினாலே சிப்புக்கும் கூலருக்கும் இடையில் பூசியுள்ள பேஸ்ட் அல்லது கூலரின் அழுத்தத்தைச் சந்தேகிக்க வேண்டும். எனவே இங்கு சிப் நலமாக இருக்கிறது, மெமரிதான் சிக்கல். இக்கார்ட்டின் GDDR6X மெமரி 110 பாகையை எட்டும்போது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். என் கணிப்பில் 95இற்குக் கீழே கவலையில்லை, 100ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டும். நமது கார்ட் கொழும்பில் 114ஐ நாடும், அதாவது அங்கே வேகம் குறையும்.

அடுத்து, பெட்டியின் பக்க மூடியைக் கழற்றி அதே சோதனையை மீண்டும் செய்யுங்கள். மெமரி எட்டுப் பத்துப் பாகை குறைந்தால் காற்றோட்டம்தான் குறை. முன்பக்க விசிறி ஒன்றைச் சேர்த்து, தூசு வலையைச் சுத்தம் செய்தால் போதும். 102 வெறும் 100 ஆக மட்டும் குறைந்தால், மெமரியின் சூட்டைக் கூலருக்குக் கடத்தும் மெத்தை போன்ற தேர்மல் பேட் பழுதாகியிருக்கக்கூடும்.

பேட் மாற்றுவதில் தடிப்புதான் முக்கியம், அது மாடலுக்கு மாடல் மாறும். உங்கள் மாடலுக்குரிய அளவை உறுதிசெய்யாமல் வாங்காதீர்கள். கார்ட்டைக் கழற்றுமுன் சற்று நேரம் இயக்கிச் சூடாக்கினால் பேஸ்ட் இளகும்; பிறகு கணினியை நிறுத்தி, மின்னிணைப்பைத் துண்டித்து, கார்ட்டை வெளியே எடுத்து, திருகாணிகளைக் குறுக்குக் குறுக்காகத் தளர்த்துங்கள். கூலரை இழுக்காமல் இலேசாகத் திருகியே பிரித்தெடுங்கள், இழுத்தால் விசிறியின் மெல்லிய வயர் அறுந்துவிடும். பழைய பேட் உதிர்ந்தும் எண்ணெய் கசிந்தும் இருக்கும். ஐசோபுரோபைல் அல்ககோலால் துடைத்து, புதிய பேட்டின் இரு பக்கத்துப் பிளாஸ்டிக் தாள்களையும் உரித்து ஒட்டுங்கள். ஒரு தாள் உரிக்கப்படாமல் போவது அடிக்கடி நடப்பது. சிப்புக்குப் புதிய பேஸ்டும் இடுங்கள்.

மீண்டும் அளவெடுங்கள். மெமரி 85 அளவுக்கு இறங்கி, ஹொட்ஸ்பொட் மட்டும் 90ஐத் தொட்டால், பேட் தடிப்பாகிக் கூலரைச் சிப்பிலிருந்து தூக்கி நிறுத்துகிறது என்று பொருள். கழற்றிப் பாருங்கள்: சிப்பின் பேஸ்ட் சமமாகப் பரவாமல் ஒரு மூலையில் தடித்துக் கிடக்கும். மெல்லிய பேட்டே அதற்கு வழி. திருகாணியை மேலும் இறுக்கினால் பலகை வளையும்.