மதிப்புரை இல்லாத சுயவிவரத்துக்கு முதல் இரண்டு வரிகள்

ஃப்ரீலான்ஸ் தளங்களின் தேடல் பட்டியலில் உங்கள் அறிமுகக் குறிப்பின் முதல் இரண்டொரு வரிகள்தான் பெரும்பாலும் கண்ணில் படும். அந்த இடத்தில் “நான் கடின உழைப்பாளி” என்று எழுதி வீணாக்காதீர்கள். வாடிக்கையாளரின் சிக்கலிலிருந்தே தொடங்குங்கள்: “எக்செல் பட்டியலில் ஒரே பெயர் நான்கு விதமாகப் பதிவாகியிருக்கிறதா? ஒன்றாக்கித் தருகிறேன். மாற்றிய ஒவ்வொன்றும் தனித் தாளில் குறிக்கப்பட்டிருக்கும்.” அந்தக் கடைசி வாக்கியம்தான் உயிர். முன்பின் தெரியாதவரிடம் கோப்பைக் கொடுப்பவர், தரவு கெட்டுவிடுமோ என்றுதான் பயப்படுகிறார்.

மதிப்புரையின் இடத்தை மாதிரி வேலை நிரப்பட்டும். குளறுபடியான 200 வரிப் பட்டியலை நீங்களே தயாரித்துச் சரிசெய்து, முன்னும் பின்னுமான படங்களைப் போர்ட்ஃபோலியோவில் சேருங்கள். பயிற்சிக்காகச் செய்தது என்று வெளிப்படையாகவே எழுதுங்கள். இல்லாத வாடிக்கையாளரைக் கற்பனை செய்தால், விவரம் கேட்கும் முதல் கேள்வியிலேயே வெளிப்பட்டுவிடும்.