ஆக்சினை வெளிச்சம் அழிக்கிறதா? ஒளிச்சார்பசைவில் திரும்பத் திரும்ப வரும் தவறுகள்

சேலத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு உயிரியல் எடுக்கிறேன். போன வாரம் ஒரு கட்டு விடைத்தாள் திருத்தினேன். தண்டு ஏன் வெளிச்சத்தை நோக்கி வளைகிறது என்ற கேள்விக்குப் பாதிப் பேர் ஒரே தவறைச் செய்திருந்தார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் கரும்பலகையில் நான் எழுதிப்போட்டதும் இதே தவறுதான். எழுத்துப்பிழை, படத்தில் பெயர் குறிக்காமல் விடுவது போன்றவற்றை நீங்களே கவனித்துக்கொள்வீர்கள்.

"வெளிச்சம் பட்ட பக்கத்தில் ஆக்சின் அழிந்துவிடுகிறது"

எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டும் வரி இது. கேட்கப் பொருத்தமாக இருக்கும்: தண்டை நீள வைக்கும் ஹார்மோனான ஆக்சின் ஒரு பக்கம் அழிகிறது, மறுபக்கம் மிஞ்சுகிறது, அதனால் வளைகிறது. அதனாலேயே மனதில் ஒட்டிக்கொள்கிறது.

ஏற்காட்டிலிருந்து வந்து படித்த ஒரு பெண்தான் என்னை முதலில் மடக்கினாள். "டீச்சர், எங்க வீட்டு காப்பி நாற்றுல சுவரோரம் இருக்கிறது மட்டும் வெளிச்சத்துப் பக்கம் சாயுது. நடுவுல இருக்கிறதுக்கு நாலு பக்கமும் வெளிச்சம். அதுல ஆக்சின் எல்லாம் அழிஞ்சிருந்தா எப்படி வளருது?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. அன்று இரவுதான் பழைய சோதனைகளைத் தேடிப் படித்தேன்.

பதில் 1957-லேயே வந்துவிட்டது. அமெரிக்காவில் வின்ஸ்லோ பிரிக்ஸும் அவர் கூட்டாளிகளும் மக்காச்சோள முளையை எடுத்துக்கொண்டார்கள். இளம் இலையை மூடியிருக்கும் முளைக்குருத்து உறையின் நுனியை வெட்டி அகார் கட்டியின் மேல் வைத்தால், நுனியிலிருந்து ஆக்சின் கட்டிக்குள் இறங்கும். (நம் வீட்டில் சைனா கிராஸ் என்று வாங்குகிறோமே, அதுதான் அகார்.) அந்தக் கட்டியை, நுனி வெட்டிய இன்னொரு முளையின் மேல் ஓரமாக வைப்பார்கள். முளை எவ்வளவு அதிகம் வளைகிறதோ அவ்வளவு ஆக்சின் கட்டியில் இருக்கிறது. இந்த அளவு முறை 1920-களில் நெதர்லாந்துத் தாவரவியலாளர் வெண்ட் கண்டுபிடித்தது.

முதலில், இருட்டில் வைத்த நுனியையும் ஒரு பக்கம் மட்டும் வெளிச்சம் பட்ட நுனியையும் ஒப்பிட்டார்கள். இரண்டிலும் மொத்த ஆக்சின் ஏறக்குறைய ஒன்றேதான். அழிந்திருந்தால் வெளிச்சம் பட்டதில் குறைந்திருக்க வேண்டும்.

அடுத்தது இன்னும் அழகு. நுனியின் நடுவே மெல்லிய கண்ணாடித் தகட்டைச் செருகி இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் வெளிச்சம் காட்டினார்கள். தகடு நுனியை முழுதாகப் பிரித்தபோது, வெளிச்சப் பக்கக் கட்டியிலும் நிழல் பக்கக் கட்டியிலும் ஆக்சின் சமமாக இருந்தது. தகட்டைக் கீழ்ப்பாதியில் மட்டும் செருகி, மேல்பகுதியை ஒட்டியபடி விட்டபோது, நிழல் பக்கத்தில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு சேர்ந்தது.

இங்கே நிதானமாக யோசியுங்கள். வெளிச்சம் ஆக்சினை அழிக்கிறது என்றால், நடுவில் கண்ணாடி இருந்தாலும் வெளிச்சப் பக்கம் குறைந்துதான் இருக்கும். வழியை அடைத்ததும் வேறுபாடே மறைந்துவிட்டதால், ஆக்சின் குறுக்காக நகர்ந்திருக்கிறது என்றுதான் சொல்ல முடியும். அந்த நாற்றுக்கும் இதுதான் பதில்: நாலு பக்கமும் வெளிச்சம் ஒன்றுபோல் படும்போது ஒரு பக்கமாக நகர வேண்டியதில்லை, தண்டு நேராக எழும்பும்.

தேர்வில் இப்படி எழுதுங்கள்: "ஒரு பக்கமாக வரும் நீல ஒளியை நுனியிலுள்ள போட்டோட்ரோபின் என்ற புரதம் உணர்கிறது. ஆக்சின் நிழல் பக்கத்துக்கு இடம்பெயர்ந்து கீழிறங்குகிறது. அந்தப் பக்கச் செல்கள் அதிகம் நீள்வதால் தண்டு வெளிச்சத்தை நோக்கி வளைகிறது."

இந்த விளக்கம் புல்வகை முளைகளில்தான் மிகத் தெளிவாகப் பொருந்துகிறது. சூரியகாந்தி நாற்றில் அளந்த சிலருக்கு இரு பக்க ஆக்சினில் இவ்வளவு வேறுபாடு கிடைக்கவில்லை.

"நிழல் பக்கச் செல்கள் அதிகம் பிரிகின்றன"

பிரிவதில்லை, நீள்கின்றன. ஆக்சின் பட்டதும் செல் தன் சுவருக்குள் ஹைட்ரஜன் அயனிகளைத் தள்ளுகிறது. சுவர் அமிலமாகி இளகுகிறது, செல் தண்ணீரை இழுத்து நீள்கிறது.

இலை வெளிவந்த முளையில் சோதனை செய்வது

மக்காச்சோளத்தை ஓர் இரவு ஊறவைத்து, ஈர மணலில் புதைத்து இருட்டில் வையுங்கள். மூன்று நான்கு நாளில் வெளிறிய உறை இரண்டு மூன்று சென்டிமீட்டர் எழும்பும். பக்கத்தில் ஒரு துளை போட்ட செருப்புப் பெட்டிக்குள் அப்போதே வைத்துவிட வேண்டும். சில மணி நேரத்தில் வளைவு தெரியும். நான் பார்த்த தோல்விகளில் பாதி, ஞாயிற்றுக்கிழமை விட்டு திங்கட்கிழமை எடுத்தவை. அதற்குள் பச்சை இலை உறையைக் கிழித்துக்கொண்டு வந்திருக்கும். உறை அப்போது வளர்வதை நிறுத்திவிடும், வளையாது.

துளையில் சிவப்புத் தாள் ஒட்டிவிட்டு "வளையவில்லை" என்பது

சிவப்பு ஒளிக்கு வளையாது. அதுதான் சரியான விடை.

வேருக்கும் தண்டின் விதியையே எழுதுவது

தண்டை நீட்டுகிற அதே அளவு ஆக்சின் வேரின் நீட்சியைத் தடுக்கும்.